பிளஸ் டூ மதிப்பெண்: முதல் வாரத்தில் வகுப்பில் பேச வேண்டிய பத்து நிமிடம்

பன்னிரண்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராகப் பொறுப்பேற்கிறவர் ஜூன் மாத முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடம் ஒரு விஷயத்தைப் பேசிவிட வேண்டும். அடுத்த மே மாதம் அவர்கள் செல்போன் திரையில் பார்க்கப்போகும் எண் எந்தெந்தத் துண்டுகளால் ஆனது, ஒவ்வொரு துண்டும் எப்போது முடிவாகிறது, அதை எங்கே சரிபார்ப்பது என்பதுதான் அது. இதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் அதை அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு சொன்னால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. ஏனென்றால் அந்த எண்ணின் ஒரு பகுதி ஜூனிலேயே சேரத் தொடங்கிவிடுகிறது.

பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்தாம் வகுப்பில் அறிவியலுக்கு மட்டும் 25 மதிப்பெண் செய்முறை இருந்தது; மற்றப் பாடங்களில் தேர்வுத்தாளில் எழுதியதுதான் மதிப்பெண். பதினொன்றாம் வகுப்புக்கு 2018 முதல் பொதுத்தேர்வு இருந்தது. 2025-26 கல்வியாண்டிலிருந்து அதுவும் இல்லை. ஆகவே அரசு தரும் சான்றிதழில் பள்ளியின் அகமதிப்பீடு ஏறுவதை இந்தப் பிள்ளைகள் முதன்முதலாகப் பார்ப்பது பன்னிரண்டில்தான். வீட்டில் கேட்டால் வேறு குழப்பம் வரும். 2018 வரை பிளஸ் டூ எழுதிய அண்ணன், அக்கா, சித்தப்பா எல்லோருக்கும் பாடத்துக்கு 200, மொத்தம் 1200 என்பதுதான் கணக்கு. 2019 மார்ச்சில் எழுதியவர்களிலிருந்துதான் பாடத்துக்கு 100, மொத்தம் 600 என்று ஆனது. “எங்க மாமா காலத்தில் பிராக்டிகலுக்கு 50 சார்” என்று ஒரு பையன் எழுந்து சொல்வான். அவன் சொல்வது சரிதான். ஆனால் அது 200-க்கான கணக்கு.

பேசுவதற்கு முன்

இந்தப் பேச்சுக்கு இரண்டு எண்களை ஆசிரியர் மனதில் தெளிவாக வைத்திருக்க வேண்டும். செய்முறை உள்ள பாடம் என்றால் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடம் என்றால் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. உயிரியல்-கணிதப் பிரிவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் முதல் வகை. தமிழ், ஆங்கிலம், கணிதம் இரண்டாம் வகை. வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகள் போன்ற ஒரு பாடத்துக்கு மட்டும் செய்முறை இருக்கும், மற்றவை 90-10. உங்கள் வகுப்பு எந்தப் பிரிவோ அதன் ஆறு பாடங்களையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 70-20-10 அல்லது 90-10 என்று முதலிலேயே போட்டுவிடுங்கள். பேசும்போது எழுதிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் எண்களைக் குறிப்பெடுப்பதில் மூழ்கிவிடுவார்கள். நீங்கள் சொல்லும் காரணம் காதில் விழாது.

அந்தப் பத்து மதிப்பெண்ணின் உட்பிரிவையும் எழுதி வையுங்கள்: வருகைக்கு 2, பள்ளியில் வைக்கும் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டம் அல்லது களப்பயணத்துக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2.

கீழே இருப்பது அலங்காநல்லூர்ப் பக்கத்து ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், உயிரியல்-கணிதப் பிரிவில், இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பேசுவதாக எழுதப்பட்ட மாதிரி. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் வாயில் வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். முதலில் துண்டுகள், பிறகு ஒரு முழுக் கணக்கு, பிறகு தேர்ச்சிக் கோடு, கடைசியில் எங்கே பார்ப்பது. எங்கே பார்ப்பது என்பதை முதலில் சொன்னால் வகுப்பு அதோடு கேட்பதை நிறுத்திவிடும்.

பேச்சு

“எல்லாரும் பேனாவ கீழ வைங்க. இப்ப எழுத வேண்டாம். போர்டுல இருக்கிறத கடைசியில எழுதிக்கலாம். பத்து நிமிஷம் என்னைய மட்டும் பாருங்க.

அடுத்த மே மாசம் உங்களுக்கு ஆறு பாடத்துக்கும் மார்க் வரும். ஒவ்வொண்ணும் நூத்துக்கு, மொத்தம் அறுநூறு. அந்த நூறும் மார்ச் மாசம் மூணு மணி நேரம் எழுதுற பரீட்சையில வர்றது கிடையாது. நம்ம பிசிக்ஸ எடுத்துக்கோங்க. பரீட்சையில எழுபதுக்குத்தான் எழுதுவீங்க. இருபது மார்க் பிராக்டிகல். அது பிப்ரவரியிலயே முடிஞ்சிரும். பத்து மார்க் இன்டர்னல். அதுக்கு இன்னைக்கே கணக்கு ஆரம்பிச்சிருச்சு. அப்ப மார்ச்ல நீங்க ஹால்ல போய் உக்காரும்போது நூத்துல முப்பது மார்க் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அதுல ஒரு மார்க்கக்கூட அதுக்கு மேல மாத்த முடியாது. தமிழ், இங்கிலீஷ், மேக்ஸ் மூணுக்கும் பிராக்டிகல் இல்ல. அதுல தொண்ணூறு பரீட்சை, பத்து இன்டர்னல்.

இந்தப் பத்து எப்படி வருதுன்னு பாருங்க. ரெண்டு மார்க் வருகைக்கு. நூத்துக்கு எண்பது நாளுக்கு மேல வந்தா ரெண்டு. எழுபத்தஞ்சுல இருந்து எண்பதுக்குள்ள இருந்தா ஒண்ணு. அதுக்குக் கீழ போனா ஒண்ணும் கிடையாது. நாலு மார்க் நம்ம ஸ்கூல்ல வைக்கிற பரீட்சைக்கு. அதுல நீங்க நல்லா எழுதின மூணோட சராசரிய எடுப்போம். ரெண்டு மார்க் அசைன்மென்ட், புராஜெக்ட், இல்லாட்டி களப்பயணம். ரெண்டு மார்க் என்.எஸ்.எஸ்., ஜே.ஆர்.சி., விளையாட்டு, இலக்கிய மன்றம் மாதிரி நீங்க கலந்துக்கிற வேலைக்கு.

இப்ப ஒரு பையன் கணக்க முழுசா போடுவோம். நல்லாப் படிக்கிற பையன்தான். ஆனா தை மாசம் மாட்டுக்குப் பயிற்சி கொடுக்கணும்னு பத்து நாள், கரும்பு வெட்டு நேரத்துல அப்பாவோட பத்து நாள், காய்ச்சல்னு கொஞ்ச நாள், கல்யாணம் காதுகுத்துன்னு கொஞ்ச நாள். இருநூறு நாள்ல நாப்பத்திரெண்டு நாள் வரல. நூத்தம்பத்தெட்டு நாள் வந்திருக்கான். அது எழுபத்தொம்பது சதவீதம். அப்ப வருகைக்கு ஒரு மார்க். பிசிக்ஸ் பரீட்சை மூணுல எழுபது, எழுபத்தஞ்சு, எண்பது வாங்கியிருக்கான், சராசரி எழுபத்தஞ்சு. நாலுல மூணு மார்க். அசைன்மென்ட் ஒழுங்கா வச்சான், ரெண்டு. விளையாட்டு, மன்றம் எதுலயும் சரியாச் சேரல, ஒண்ணு. கூட்டுங்க. ஏழு. பிராக்டிகல்ல பதினெட்டு. பரீட்சையில அம்பத்தஞ்சு. மொத்தம் எண்பது.

எண்பது நல்ல மார்க்தான் சார்னு சொல்வீங்க. ஆனா வருகையில போன அந்த ஒரு மார்க் பிசிக்ஸ்ல மட்டும் போகலய்யா. பிசிக்ஸ்ல ஒண்ணு, கெமிஸ்ட்ரியில ஒண்ணு, பயாலஜியில ஒண்ணு, மேக்ஸ்ல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு. ஆறு மார்க். இன்னும் மூணு நாள் வந்திருந்தா எண்பது சதவீதத்தத் தாண்டியிருப்பான், அந்த ஆறும் இருந்திருக்கும். இன்ஜினியரிங் கட்-ஆஃப் எப்படிப் போடுவாங்கன்னு தெரியுமில்ல? மேக்ஸ் நூறு அப்படியே, பிசிக்ஸ்ல பாதி, கெமிஸ்ட்ரியில பாதி, மொத்தம் இருநூறு. அதுல மேக்ஸ்ல ஒண்ணு, மத்ததுல அரை அரை. ரெண்டு மார்க் போச்சு. மூணு நாளுக்கு ரெண்டு கட்-ஆஃப் மார்க்.

அடுத்தது பாஸ். நூத்துக்கு முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்னு நினைக்கிறீங்க. இன்னொரு கண்டிஷன் இருக்கு. பிராக்டிகல் இருக்கிற பாடத்துல, எழுபதுக்குக் கண்டிப்பா பதினஞ்சு எடுத்திருக்கணும். பிராக்டிகல்ல இருபதும் இன்டர்னல்ல பத்தும் வாங்கிட்டு, பரீட்சையில பதினாலு வாங்கினா? மொத்தம் நாப்பத்திநாலு. ஆனா ஃபெயில். தமிழ், இங்கிலீஷ், மேக்ஸ்ல தொண்ணூறுக்கு இருபத்தஞ்சு எடுக்கணும். ஆனா அந்த இருபத்தஞ்சு இன்டர்னல் பத்துக்குப் பத்து வாங்கினவனுக்கு மட்டும்தான். ஏழு வாங்கினவன் இருபத்தெட்டு எடுத்தாத்தான் முப்பத்தஞ்சு வரும். இன்டர்னல்ல ஒரு மார்க் போனா பாஸ் கோடு ஒரு மார்க் மேல ஏறும். அம்புட்டுத்தான்.

எங்க பாக்குறது? மூணு இடம். இன்டர்னல் கணக்க நம்ம வகுப்புப் பின்சுவத்துல மாசத்துக்கு ஒருமுறை ஒட்டுவேன். பேரு இருக்காது, வருகைப் பதிவேட்டு வரிசை எண் மட்டும் இருக்கும். சந்தேகம் இருந்தா அந்த மாசமே வந்து கேளுங்க, பிப்ரவரியில வந்து கேக்காதீங்க. ரெண்டாவது, பொதுத்தேர்வுக்கு உங்க பேரு, இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் போற பட்டியல். அத உங்க கையில காட்டுவேன். ஒவ்வொரு எழுத்தா பாத்துக் கையெழுத்துப் போடணும். மூணாவது, மே மாசம் ரிசல்ட். அத அப்ப விவரமாச் சொல்றேன். இப்ப ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க: பதிவு எண்ணும் பிறந்த தேதியும் சரியா இருந்தாத்தான் ரிசல்ட் திறக்கும். இப்ப பேனாவ எடுங்க, போர்டப் பாத்து எழுதிக்கோங்க.”

தேர்ச்சிக் கோடு இருவகைப் பாடத்திலும் ஒரே மாதிரி நகராது

பேச்சில் தேர்ச்சி பற்றிச் சொன்னதை ஆசிரியர் ஒருமுறை தானே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. பிள்ளைகளின் கேள்விகள் பெரும்பாலும் இங்கேதான் வரும்.

செய்முறை இல்லாத பாடத்தில் 90-க்கு 25 என்ற குறைந்தபட்ச விதி தனியாக யாரையும் வீழ்த்துவதில்லை. 25-க்குக் கீழ் எடுத்தவருக்கு அகமதிப்பீடு முழுதாக 10 இருந்தாலும் மொத்தம் 35 வராது. ஆக அங்கே உண்மையில் வேலை செய்வது 35 என்ற மொத்த விதிதான். அகமதிப்பீட்டில் குறைகிற ஒவ்வொரு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வில் எடுக்க வேண்டியதைக் கூட்டிவிடுகிறது. கணக்கில் தடுமாறுகிற பிள்ளைக்கு இது பெரிய விஷயம். அகமதிப்பீடு 10 வைத்திருக்கிறவருக்கு 25 போதும். 6 வைத்திருக்கிறவர் 29 எடுத்தாக வேண்டும். அந்த நான்கு மதிப்பெண் ஒரு ஐந்து மதிப்பெண் வினாவை ஏறக்குறைய முழுதாகப் போடுவதற்குச் சமம்.

செய்முறைப் பாடத்தில் கதை வேறு. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து 20 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவரைத் தடுத்து நிறுத்தக்கூடியது 70-க்கு 15 என்ற விதி மட்டும்தான். 30-க்கு 30 வைத்திருந்தாலும் சரி, 22 வைத்திருந்தாலும் சரி, அவர் தாண்ட வேண்டிய கோடு 15-தான். இரண்டும் சேர்ந்து 20-க்குக் கீழே போனால்தான் மொத்த விதி குறுக்கே வரும். பொதுவாக அந்த நிலைக்கு யாரும் போவதில்லை. அதனால் இயற்பியலில் தோல்விப் பயத்தில் இருக்கும் பிள்ளையிடம் “பிராக்டிகல்ல நல்லா பண்ணு, பாஸாயிரலாம்” என்று ஆறுதல் சொல்வது தவறான வழிகாட்டல். அவருக்குத் தேவை எழுத்துத் தேர்வில் 15. அதற்கு ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் வினாக்களில் எந்தப் பாடங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள். செய்முறைத் தேர்வுக்கு வராமல் போவது மட்டும் கூடவே கூடாது என்பதையும் அவரிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அகமதிப்பீட்டை எல்லோருக்கும் பத்தாகப் போடுவது

பள்ளிகளில் பரவலாக நடப்பது இது. யாருக்கும் மனவருத்தம் வேண்டாம் என்று முழு வகுப்புக்கும் 10 போட்டுவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வருகை, தேர்வு, ஒப்படைவு என்று ஓராண்டு முழுதும் ஒழுங்காக இருந்த பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் ஒரே எண் விழும்போது, முதல் வாரத்தில் நீங்கள் பேசிய பத்து நிமிடமும் பொய்யாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கு இது காதோடு காதாகத் தெரிந்திருக்கும். நீங்கள் பேசும்போதே அவர்கள் சிரிப்பார்கள்.

“இன்டர்னலுக்கு என்ன பெரிய மதிப்பு?” என்று கேட்கும் சக ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் சொல்ல 2021-ஆம் ஆண்டின் நிகழ்வு இருக்கிறது. கொரோனாவால் அந்த ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கவே இல்லை. மதிப்பெண்ணை வேறு துண்டுகளால் கட்ட வேண்டியிருந்தது. பத்தாம் வகுப்பில் அதிகம் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து 20 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் இருந்து 30 விழுக்காடு. ஜூலை 19 அன்று முடிவு வந்தது. செய்முறை உள்ள பாடத்தில் 20-ம் 10-ம் அப்படியே கூடி 30 ஆயின. செய்முறை இல்லாத பாடத்தில் அகமதிப்பீட்டின் 10 மட்டுமே இருந்ததால், அதை 30-ஆகப் பெருக்கினார்கள். வணிகவியல் படித்த ஒரு பிள்ளை அகமதிப்பீட்டில் 7 வைத்திருந்தால் அது 21 ஆனது. மூன்று மதிப்பெண் குறை ஒன்பதாக விரிந்தது. ஜூன் மாதம் “அந்தப் பத்துதானே” என்று இருந்தவருக்கு அந்த ஆண்டு முடிவில் அதன் எடை தெரிந்தது.

மாதம் ஒருமுறை சுவரில் ஒட்டும் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் வந்த நாள், வராத நாள், இன்றுவரை உள்ள விழுக்காடு, ஒப்படைவு வந்ததா இல்லையா ஆகியவை மட்டும் இருந்தால் போதும். பேரோடு ஒட்டினால் குறைவாக உள்ள பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்வார்கள், அவர் பள்ளிக்கு வருவது இன்னும் குறையும். பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் இந்தத் தாளைக் கட்டாயம் புதுப்பியுங்கள். நம் பக்கத்தில் தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று வாடிவாசல் திறக்கும். அந்த நாட்கள் விடுமுறையில் வந்துவிடும். ஆனால் மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் அதற்கு முந்தைய வாரங்களிலேயே பள்ளியிலிருந்து நழுவத் தொடங்குவார்கள். கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கத்தில் நடக்கும் போட்டிகளும் உண்டு. அந்தப் பிள்ளையைத் திட்டுவதால் பயனில்லை. “இன்னும் எத்தன நாள் லீவு போட்டா எண்பதுக்கு இறங்குவ?” என்று கேட்டு, விடையை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். 200 வேலை நாளுக்கு 39 நாள் என்பது எல்லை. 39 நாள் ஏற்கெனவே போயிருந்தால் அவர் எல்லையின் மேலேயே நிற்கிறார். இன்னும் ஒரு நாள் போனால் இரண்டு ஒன்றாகிவிடும்.

பிறந்த தேதி என்ற சாவி

மூன்று இடங்களில் இரண்டாவதை, அதாவது பொதுத்தேர்வுக்குப் போகும் பெயர்ப் பட்டியலை, ஆசிரியர்கள் அலுவலக வேலையாக நினைத்துவிடுகிறார்கள். பிள்ளையின் கண்ணில் அதைக் காட்டாமல் அனுப்பினால், தவறு தெரிவது மே மாதம்தான். பிறந்த தேதியில் 03-ம் 08-ம் மாறியிருந்தால் முடிவு நாளன்று அவருடைய பக்கமே திறக்காது. பிள்ளை தோற்றுவிட்டேனோ என்று பதறும். தாளைக் கொடுக்கும்போது ஆதார் அட்டையையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் பெயர் வேறு வேறாக இருந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதே அடிப்படை. தமிழில் பெயரின் எழுத்து, இனிஷியல் எந்தப் பக்கம், தந்தை பெயர் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். “சரிதான் சார்” என்று வாயால் சொன்னால் போதாது; கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடும்போதுதான் பிள்ளை உண்மையில் படிக்கிறது.

முடிவு நாளன்று

அரசுத் தேர்வுகள் இயக்ககம் 2023-இல் மே 8, 2024-இல் மே 6, 2025-இல் மே 8 என்று மே மாதத் தொடக்கத்தில் பிளஸ் டூ முடிவை வெளியிட்டிருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

`tnresults.nic.in`
`dge.tn.gov.in`
`results.digilocker.gov.in`

ஏப்ரல் மாதக் கடைசியில், தேர்வு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு, வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் இந்த முகவரிகளை அனுப்பி வையுங்கள். இவற்றைத் தவிர வேறு எந்த இணைப்பு வந்தாலும் அதில் பதிவு எண்ணைப் போட வேண்டாம் என்றும் சேர்த்து எழுதுங்கள். முடிவு வெளியான முதல் அரைமணியில் தளம் திறக்கத் தாமதமாகும். ஒன்று திறக்காவிட்டால் இன்னொன்றில் பார்க்கலாம், அல்லது அரைமணி பொறுக்கலாம், எண் மாறப்போவதில்லை. பள்ளியில் கொடுத்திருந்த செல்போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவும் வரும். அந்த எண் இன்னும் வீட்டில் இருக்கிறதா, சிம் மாறிவிட்டதா என்று பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் அன்றே கேட்டுவிட வேண்டும்.

திரையில் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் கேட்கும். பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில், ஒற்றை எண்ணுக்கு முன் பூச்சியம் சேர்த்து, நான்கு இலக்க ஆண்டோடு போட வேண்டும். ஆகஸ்ட் 3 என்றால் 03/08. பக்கம் திறந்ததும் பிள்ளைகளும் வீட்டாரும் முதலில் பார்ப்பது மொத்தத்தை. அதைப் பார்த்து முடித்த பிறகு ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வு, செய்முறை, அகமதிப்பீடு என்று தனித்தனியாக உள்ள எண்களைப் படிக்கச் சொல்லுங்கள். பேச்சில் வந்த பையனுக்கு இயற்பியலில் 55, 18, 7, மொத்தம் 80 என்று இருக்கும். செய்முறை, அகமதிப்பீட்டு எண்கள் தான் எதிர்பார்த்ததோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். சுவரில் மாதாமாதம் பார்த்துவந்த பிள்ளைக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இருக்காது. செய்முறைக்கு வந்தும் அங்கே வராதவர் என்று இருந்தாலோ, பள்ளி அனுப்பிய அகமதிப்பீட்டுக்கும் திரையில் உள்ளதற்கும் வேறுபாடு இருந்தாலோ, அன்றே தலைமை ஆசிரியரிடம் வர வேண்டும். பள்ளியில் உள்ள நகலை வைத்துத்தான் அதைப் பேச முடியும். ஆகவே அனுப்பிய பட்டியலின் நகலைத் தனிக் கோப்பில் வைத்திருங்கள்.

எழுத்துத் தேர்வு எண் மிகவும் குறைவாகத் தெரிந்தால் வழி வேறு. மறுகூட்டலும் மறுமதிப்பீடும் விடைத்தாளுக்குத்தான். ஆகவே அவை எழுத்துத் தேர்வு எண்ணை மட்டும் தொடும். 55 குறைவு என்று நினைக்கிற பிள்ளை முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகல் வாங்காமல் நேராக மறுமதிப்பீடு கேட்க முடியாது. நகல் கையில் வந்ததும் பாட ஆசிரியர் அருகில் உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுதிய எல்லா விடைகளுக்கும் மதிப்பெண் போடப்பட்டிருக்கிறதா, உள்ளே போட்ட எண்கள் முகப்புத் தாளுக்குச் சரியாக வந்திருக்கின்றனவா, முகப்பில் கூட்டல் சரியா. இவற்றில் தவறு இருந்தால் மறுகூட்டல் போதும். கூட்டல் எல்லாம் சரி, ஆனால் சரியான விடைக்கு மதிப்பெண் குறைவாக விழுந்திருக்கிறது என்று பாட ஆசிரியர் கருதினால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் பாடவாரியாகக் கட்டணமும் சில நாட்களே உள்ள கால வரம்பும் முடிவோடு சேர்த்து அறிவிக்கப்படும். அந்த வரம்பு தாண்டிவிட்டால் திரும்பக் கேட்க இடமில்லை. அதனால் முடிவு வந்த வாரத்தில் வகுப்பாசிரியர் ஊரில் இல்லாமல் இருக்கக்கூடாது.

தேர்ச்சி பெறாத பிள்ளையிடம் அன்று பேச வேண்டியது ஒன்றுதான்: எந்தப் பாடத்தில், எந்த விதியால் நின்றது. மொத்தம் 35-க்குக் குறைந்ததா, அல்லது மொத்தம் இருந்தும் 70-க்கு 15 வராமல் போனதா? இதைச் சேர்ந்து பார்த்துவிட்டு, அதே கோடையில் நடக்கும் துணைத் தேர்வுக்கான விண்ணப்பத்தை அந்த வாரமே போடச் செய்யுங்கள். பல பிள்ளைகள் கல்லூரிச் சேர்க்கை முடிந்த பிறகுதான் துணைத் தேர்வு வரும் என்று நினைத்து, வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

சில நாட்களில் தற்காலிக மதிப்பெண் பட்டியலைப் பதிவிறக்கலாம். கல்லூரிக்கும் கலந்தாய்வுக்கும் அது போதும். அசல் சான்றிதழைப் பள்ளியில் தருவார்கள். அதை வாங்கும்போது பெயர், பிறந்த தேதி, ஒவ்வொரு பாடத்தின் எண்கள் ஆகியவற்றைத் தற்காலிகப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, பொருந்தாத இடம் இருந்தால் பள்ளி வாசலைத் தாண்டும் முன்பே அலுவலகத்தில் சொல்லச் சொல்லுங்கள். டிஜிலாக்கரில் உள்ள பதிப்பையும் அன்றே ஒருமுறை திறந்து, கடவுச்சொல்லை வீட்டில் இருவர் அறியும்படி எழுதி வைக்கச் சொல்லுங்கள்.